மெய்யொலி அட்டவணையைப் படிப்பது எப்படி? ‘பம்பரம்’ முதல் ‘ழ’ வரை

எந்த மொழியின் ஒலியையும் எழுதிக் காட்ட உதவும் அனைத்துலக ஒலிக்குறி முறைதான் ஐபிஏ. அதன் மெய்யொலி அட்டவணையை முதன்முறை பார்க்கும்போது, தெரிந்த எழுத்தும் தெரியாத எழுத்தும் கலந்து கொட்டியதுபோல இருக்கும். ஒவ்வொரு குறியையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு குறி எந்த இடத்தில் இருக்கிறது என்பதே அதை எப்படி ஒலிப்பது என்று சொல்லிவிடும். ‘பம்பரம்’ என்ற சொல்லை வைத்துத் தொடங்குவோம்.

முதலில் நெடுவரிசை: எங்கே?

அட்டவணையின் இடது ஓரம் உதடு, வலது ஓரம் தொண்டை. இடமிருந்து வலமாகப் போகப் போக வாய்க்குள் பின்னோக்கிப் போகிறோம்: ஈரிதழ், இதழும் பல்லும், பல், பல்முகடு, வளைநா, இடையண்ணம், கடையண்ணம் என்று குரல்வளை வரை. ‘பம்பரம்’ சொல்லும்போது முதல் ப, அடுத்த ம், அதற்கடுத்த ப மூன்றுக்கும் இரண்டு உதடுகளும் ஒட்டுகின்றன. ஆக மூன்றும் முதல் நெடுவரிசையிலேயே இருக்கும்.

அப்புறம் கிடைவரிசை: காற்று எப்படிப் போகிறது?

ம் சொல்லிக்கொண்டே மூக்கைப் பிடியுங்கள். ஒலி நின்றுவிடும், காரணம் காற்று மூக்கு வழியாகத்தான் போகிறது. அதனால் அது மூக்கொலி வரிசையில் இருக்கும் [m]. ப-வுக்கு வாயும் மூக்கும் இரண்டுமே அடைபட்டு, பிறகு உதடு திறக்கிறது. இது அடைப்பொலி, அட்டவணையின் முதல் கிடைவரிசை. நம் இலக்கணத்தின் வல்லினம், மெல்லினம், இடையினம் என்ற பிரிவும் பெரும்பாலும் இதைத்தான் பிரிக்கிறது. ஆகவே இந்த வரிசைகள் தமிழ் படித்தவருக்கு முற்றிலும் புதியவை அல்ல.

கடைசியாக அதிர்வு: கட்டத்தின் எந்தப் பக்கம்?

தமிழர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். முதல் ப-வும் இரண்டாம் ப-வும் ஒரே எழுத்து, ஆனால் ஒரே ஒலி அல்ல. முதல் ப-வில் உதடு மூடியிருக்கும் நேரத்தில் குரல்நாண்கள் அதிர்வதில்லை: [p]. இரண்டாவதில் ம்-இன் அதிர்வு அறுபடாமல் தொடர்கிறது: [b]. ஒரே கட்டத்தில் இரண்டு குறி இருந்தால் இடப்பக்கம் இருப்பது அதிர்விலா ஒலி, வலப்பக்கம் இருப்பது அதிர்வுடை ஒலி. நம் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டாததால் காதும் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது.

சோதிக்க விரலைத் தொண்டையில் வைப்பார்கள். வெறும் ‘ப’ சொல்லிச் சோதித்தால் பின்னால் வரும் அகரத்தின் அதிர்வுதான் விரலில் தட்டும், எல்லாமே அதிர்வுடை ஒலியாகத் தோன்றும். ‘பம்... பரம்’ என்று நடுவில் நிறுத்திச் சொன்னாலும் தவறு, நிறுத்தினால் இரண்டாம் ப-வும் [p] ஆகிவிடும். எனவே முதலில் நீட்டிப் பிடிக்கக்கூடிய ஒலியில் பழகுங்கள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுத்து, நாக்கை அசைக்காமல் ‘zzz’ என்று வண்டு ரீங்கரிப்பதுபோல் மாற்றுங்கள். இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டால் [s] இலிருந்து [z] க்கு மாறும்போது தலைக்குள் இரைச்சல் கிளம்புவது நன்றாகத் தெரியும். பிறகு ‘அம்பு’ சொல்லிப் பாருங்கள்.

இனி ழகரத்தைத் தேடுவோம்

‘வாழை’ சொல்லி, ழ-வில் நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல்நோக்கி வளைந்து பின்னே போயிருக்கிறதா? அப்படியென்றால் வளைநா நெடுவரிசை. நுனி எதையும் தொடவில்லை, உரசும் சத்தமும் இல்லை, காற்று தாராளமாகப் போகிறது. அதனால் அடைப்பொலியும் அல்ல, உரசொலியும் அல்ல, உயிர்ப்போலி வரிசை. தொண்டை அதிர்கிறது, ஆகவே வலப்பக்கம். மூன்றும் சந்திக்கும் இடத்தில் [ɻ] இருக்கும்.

நாக்கு நுனி அண்ணத்தில் ஒட்டி, காற்று இரு பக்கமும் வழிந்தால் நெடுவரிசை மாறவில்லை, கிடைவரிசைதான் ஒன்று இறங்கி மருங்கொலிக்குப் போய்விட்டீர்கள்: [ɭ]. அது ளகரம். ‘வாளைப்பளம்’ பிறப்பது இந்த ஒரு கட்ட இறக்கத்தில்தான்.

குறி கண்டால் குழம்பாமலிருக்க

வளைநா ஒலிக் குறிகளின் அடியில் வலப்பக்கம் வெளியே நீளும் ஒரு வால் இருக்கும்: [ʈ ɖ ɳ ɭ ɻ]. மூன்று n-களைப் பிரித்தறியவும் இது உதவும். ண-வின் [ɳ] இல் வலக்காலின் வால் வெளியே போகிறது. ங-வின் [ŋ] இல் அதே கால் உள்ளே வளைகிறது. ஞ-வின் [ɲ] இல் கொக்கி இடக்காலில் இருக்கிறது.

வெள்ளையாகக் காலியாக இருக்கும் இடத்தையும் சாம்பல் பூசிய இடத்தையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். சாம்பல் என்றால் அந்த ஒலியை மனித வாயால் உண்டாக்க முடியாது என்று கருதுகிறார்கள். வெள்ளை இடத்துக்குத் தனிக் குறி இல்லை, அவ்வளவுதான். [m]-க்கு இடப்பக்கம் வெறுமையாக இருக்கிறதே, அந்த அதிர்விலா மகரம் பர்மிய மொழியில் உண்டு. அதை அடியில் ஒரு சிறு வட்டம் சேர்த்து [m̥] என்று எழுதுகிறார்கள்.

‘அச்சு’ என்பதில் வரும் ச்ச-வை அட்டவணையில் தேடினால் கிடைக்காது. அது அடைப்பாகத் தொடங்கி உரசலாக முடிகிறது, அதனால் இரண்டு கட்டங்களிலிருந்து குறிகளை எடுத்துச் சேர்த்து [tʃ] என்று எழுத வேண்டும்.