25 டிகிரி எந்த ஊரில்? கடத்துத்திறனிலிருந்து கரைதிறன் காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் மாதம், காலை ஒன்பதரை மணி. ஊட்டியில் எங்கள் ஆய்வகச் சுவரில் தொங்கும் வெப்பமானி 15 காட்டியது. கம்பளிக் குல்லாயைக்கூடக் கழற்றாமல் ஒரு மாணவன் நோட்டை நீட்டினான். சில்வர் குளோரைடின் கரைதிறன் பெருக்கம் 4.6 × 10⁻¹¹ என்று எழுதியிருந்தான். பாடநூலில் இருப்பது 1.8 × 10⁻¹⁰. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது.

"வீழ்படிவைக் கம்மியா போட்டுட்டேன் போல சார். இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

போட்டு எதுவும் ஆகப்போவதில்லை. அடியில் கரையாத திடப்பொருள் இருக்கிறவரை அது ஒரு சிட்டிகையா ஒரு கரண்டியா என்பது கரைசலுக்குத் தெரியாது. ஆனால் அவனைத் திட்டவும் மனம் வரவில்லை. வெப்பநிலையைக் கவனிக்காததுதான் அவன் தப்பு, எம்.எஸ்ஸி. படிக்கும்போது நான் செய்ததும் அதேதான். எனக்கு அது பதில் சரியாக வந்து ஏமாற்றியது.

இந்தச் சோதனையின் தர்க்கம் எளியது. தெவிட்டிய கரைசலின் கடத்துத்திறனை அளக்கிறோம், அதிலிருந்து வெறும் தண்ணீரின் கடத்துத்திறனைக் கழிக்கிறோம். மீதி உப்பினுடையது. கரைந்திருப்பது மிகச் சொற்பம் என்பதால், அதன் மோலார் கடத்துத்திறனை அளவிலா நீர்த்தலில் உள்ள மதிப்பாகவே எடுத்துக்கொள்ளலாம். அந்த மதிப்பு கோல்ராஷ் விதிப்படி இரண்டு அயனிகளின் பங்கைக் கூட்டினால் கிடைக்கும்.

```
s = 1000 × (κ கரைசல் − κ நீர்) / Λ°
Ksp = s²   (AgCl போன்ற 1:1 உப்புக்கு)
```

அலகு மாறுவது, கணக்கில் சுழியம் விடுவது போன்றவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. அவற்றை யாரும் இரண்டு முறைக்கு மேல் செய்வதில்லை.

15 டிகிரி கரைசலை 25 டிகிரி எண்ணால் வகுப்பது

மாணவனின் நோட்டையே எடுத்துக்கொள்வோம். தெவிட்டிய கரைசலுக்கு அவன் கண்ட அளவீடு சென்டிமீட்டருக்கு 2.04 மைக்ரோசீமன்ஸ். தண்ணீருக்கு 1.10. உப்பின் பங்கு 0.94. அதை அட்டவணையில் உள்ள 138.3 ஆல் வகுத்தான். கரைதிறன் லிட்டருக்கு 6.8 × 10⁻⁶ மோல். வர்க்கம் எடுத்தால் அவன் காட்டிய 4.6 × 10⁻¹¹.

அந்த 138.3 வெள்ளி அயனியின் 61.9-ஐயும் குளோரைடின் 76.3-ஐயும் கூட்டி வந்தது. இரண்டுமே 25 டிகிரிக்கான எண்கள். குளிர்ந்த தண்ணீர் பிசுபிசுப்பு கூடியது, அதில் அயனி மெதுவாகத்தான் நகரும். டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். 15 டிகிரியில் அந்தக் கூட்டுத்தொகை சுமார் 111.5 தான். அதால் வகுத்துப் பாருங்கள்: கரைதிறன் 8.4 × 10⁻⁶, பெருக்கம் 7.1 × 10⁻¹¹.

அப்போதும் பாடநூல் எண் வரவில்லையே என்று முகம் வாடும். இங்கேதான் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாடநூல் எண்ணுக்கும் மாணவனின் எண்ணுக்கும் இடையே இருந்தது கிட்டத்தட்ட நாலு மடங்கு. அதில் ஒன்றரை மடங்கு தவறான வகுஎண்ணால் வந்தது. மீதி இரண்டரை மடங்கு தவறே இல்லை. சில்வர் குளோரைடு கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது, அதனால் குளிரில் உண்மையாகவே குறைவாகக் கரைகிறது. 7.1 × 10⁻¹¹ என்பது 15 டிகிரிக்குச் சரியான விடை. அதன் பக்கத்தில் "25°C" என்று எழுதினால்தான் அது பொய்யாகிறது.

இனி என் கதை. கலமாறிலி காண 0.01 M பொட்டாசியம் குளோரைடு வைத்திருந்தேன். அதன் கடத்துத்திறன் 1413 மைக்ரோசீமன்ஸ் என்று பாட்டிலில் பெரிதாக ஒட்டியிருந்தது. கீழே பொடி எழுத்தில் இருந்த "25°C"-ஐ நான் படிக்கவில்லை. என் மேசையில் அந்தக் கரைசல் 15 டிகிரியில் இருந்தது. அந்த வெப்பநிலையில் அதன் மதிப்பு 1147. ஆக, என் கலமாறிலி 23 சதவீதம் பெருத்துப் போயிற்று. அதன் பிறகு அளந்த கடத்துத்திறன் எல்லாமே 23 சதவீதம் பெருத்தது. கடைசியில் வகுத்ததோ 138.3 ஆல், அதாவது 24 சதவீதம் பெருத்த எண்ணால். மேலே ஒரு தப்பு, கீழே ஒரு தப்பு, இரண்டும் அடித்துக்கொண்டு போய்விட்டன. கரைதிறன் அழகாக 8.4 × 10⁻⁶ வந்தது. நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து யாரோ மேசையில் வைத்துவிட்டுப் போன அட்டவணையில் 1147-ஐப் பார்த்தேன். கலமாறிலியைத் திருத்தினேன். உடனே விடை கெட்டது! ஒழுங்காகச் செய்ததும் கெடுகிறதே என்று திருத்தத்தையே அழித்துவிட்டுப் பழைய எண்ணுக்குத் திரும்பினேன். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருவது அந்த அழிப்பை எண்ணித்தான். வாய்மொழித் தேர்வில் வந்த பேராசிரியர் கேட்டது ஒரே கேள்வி: "கரைசல் எத்தனை டிகிரியில் தெவிட்டியது தம்பி?" பதில் இல்லை. குறித்து வைத்திருந்தால்தானே.

இப்போதைய டிஜிட்டல் மீட்டர் இன்னொரு வழியில் குழப்பும். `ATC` என்ற வசதி ஓடிக்கொண்டிருந்தால், 15 டிகிரியில் அளந்ததை டிகிரிக்கு 2 சதவீதம் என்று கணக்குப் போட்டு 25 டிகிரிக்கு மாற்றித் திரையில் காட்டும். அப்போது 0.94 இருந்த இடத்தில் 1.175 வரும். அதை 138.3 ஆல் வகுத்தால் 8.5 × 10⁻⁶, ஏறக்குறைய சரி. ஆனால் மீட்டர் மாற்றுவது அயனிகளின் ஓட்டத்தை மட்டும்தான். கரைந்த உப்பின் அளவை 25 டிகிரிக்குக் கொண்டுபோக அதற்குத் தெரியாது. ஆகவே வந்தது 15 டிகிரிக் கரைதிறன்தான், திரையில் 25 என்று மினுக்கினாலும். இது புரியாமல், குளிர்தானே என்று நினைத்து 111.5 ஆலும் வகுப்பவர்கள் உண்டு. ஒரே திருத்தத்தை இரண்டு முறை செய்தால் பெருக்கம் 1.1 × 10⁻¹⁰ என்று ஒன்றரை மடங்கு ஏறிவிடும்.

நான் இப்போது சொல்லிக்கொடுப்பது இதுதான். `ATC`-ஐ அணைத்துவிடுங்கள். பொட்டாசியம் குளோரைடு, வெறும் தண்ணீர், தெவிட்டிய கரைசல் மூன்றையும் மூடியிட்ட குடுவைகளில் 25 டிகிரி நீர்த்தொட்டியில் வையுங்கள். கரைசல் குடுவையை அடிக்கடி குலுக்குங்கள். முந்தின நாள் குளிரில் தெவிட்டிய கரைசல் பத்து நிமிடச் சூட்டில் 25 டிகிரிக்குத் தெவிட்டிவிடாது, திடப்பொருள் இன்னும் கரைய வேண்டும். கால் மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு அளவீடுகள் ஒன்றாக வந்தால்தான் நம்பலாம்.

தொட்டி இல்லையென்றால் கவலை வேண்டாம், 15 டிகிரியிலேயே எல்லாவற்றையும் செய்து 15 டிகிரி என்றே எழுதுங்கள்.

பீக்கரைக் கையில் பிடிப்பது

ஒரு மாணவி "சார், ரீடிங் ஏறிக்கிட்டே இருக்கு" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். 2.04, 2.07, 2.11. குளிருக்கு இதமாக பீக்கரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பொத்தி வைத்திருந்தாள்.

வேறு தண்ணீரைக் கழிப்பது

தண்ணீரைக் கழிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தத் தண்ணீரை என்பதில்தான் சிக்கல். காலையில் வடித்து மூடி வைத்த தண்ணீர் 0.8 காட்டலாம். அதையே உப்போடு சேர்த்து அரை மணி நேரம் குலுக்கினால் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு 1.1 வரை ஏறும். மூடிய பாட்டில் தண்ணீரைக் கழித்தீர்கள் என்றால் அந்த 0.3 உப்பின் கணக்கில் ஏறிவிடும். உப்பின் பங்கே 0.94 இருக்கும் இடத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. வர்க்கம் எடுக்கும்போது பெருக்கம் முக்கால் பங்கு கூடிவிடும்.

அதனால் வெறும் தண்ணீருக்கும் அதே சடங்கைச் செய்ய வேண்டும்: அதே அளவு, அதே மாதிரிக் குடுவை, அதே நேரக் குலுக்கல். ஒரு குடுவையில் உப்பு, இன்னொன்றில் ஒன்றும் இல்லை. மற்றபடி இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி வளர வேண்டும்.

போதாத கழுவல்

சில்வர் நைட்ரேட்டும் பொட்டாசியம் குளோரைடும் சேர்த்து வீழ்படிவு எடுத்தால், பொட்டாசியம் நைட்ரேட் ஒட்டிக்கொண்டு வரும். லிட்டருக்கு 10⁻⁵ மோல் மிஞ்சினாலே 25 டிகிரியில் அது தனியாகக் கிட்டத்தட்ட ஒன்றரை மைக்ரோசீமன்ஸ் கொடுக்கும், சில்வர் குளோரைடு கொடுப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு. எத்தனை முறை கழுவுவது என்று எண்ணிக்கை கேட்காதீர்கள். புதுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, தெளியவிட்டு அளந்து, வடித்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். அளவீடு இறங்கிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நிற்கும். அங்கே நிறுத்துங்கள். ஜன்னல் ஓரத்தில் செய்யாதீர்கள், வெளிச்சத்தில் சில்வர் குளோரைடு ஊதா நிறமாகிவிடும்.

பேரியம் சல்பேட்டில் சமானமா மோலாரா என்று பார்க்காதது

25 டிகிரியில் அதன் Λ° சமானக் கணக்கில் 143.6, மோலார் கணக்கில் 287.2. மாறிப்போனால் பெருக்கம் நாலு மடங்கு பிழை.

எல்லா உப்புக்கும் இதையே முயல்வது

குல்லா போட்ட அந்தப் பையன் மறுவாரம் நீர்த்தொட்டியில் வைத்துச் செய்தான். கரைசல் 3.17, தண்ணீர் 1.34, மீதி 1.83. 138.3 ஆல் வகுத்துக் கரைதிறன் 1.32 × 10⁻⁵, பெருக்கம் 1.75 × 10⁻¹⁰. சந்தோஷத்தில் அடுத்ததாக சில்வர் புரோமைடு செய்யலாமா என்று கேட்டான்.

வேண்டாம் என்றேன். 25 டிகிரியில் அதன் தெவிட்டிய கரைசலில் உப்பின் பங்கு 0.1 மைக்ரோசீமன்ஸ்தான் வரும். 1.34 தண்ணீருக்குள் 0.1-ஐத் தேட வேண்டும். தண்ணீரின் அளவீடே அதற்குள் அங்குமிங்கும் ஆடும். கால்சியம் கார்பனேட்டும் கூடாது. அங்கே காற்றிலிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடே உப்பைக் கரைக்கும், கார்பனேட் தண்ணீரோடு வினைபுரியும். தண்ணீரைக் கழித்தாலும் மிஞ்சுவது உப்பின் அயனிகளின் கணக்காக இராது. பேரியம் சல்பேட் செய்யட்டும் என்று சொல்லி, 287.2 என்ற எண்ணை அவன் நோட்டில் நானே எழுதிக் கொடுத்தேன்.