உயரமான வண்டியா, தாழ்ந்த காரா? வடசென்னையிலிருந்து நெடுஞ்சாலை ஏறும் முன்

டொராண்டோவில் செடான் ஓட்டிப் பழகிய அத்தை மகன், திருவொற்றியூர் வந்ததும் ஸ்கார்ப்பியோ-என் எடுக்க நினைத்தான். மணலி, செங்குன்றம் வழியாக சூளூர்பேட்டை போக வேண்டும். ஆறு பேர், பெட்டிகள் வேறு. "ஒசரமா உக்காந்தா ரோடு நல்லா தெரியுமே, மச்சான்" என்றான். தெரியும்தான். ஆனால் பயந்து ஓட்டுபவருக்குச் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

உயரமான வண்டியில் எடையும் உயரத்தில் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது மேல்பகுதி வெளிப்பக்கமாகச் சாய்கிறது. இதைத்தான் பாடி ரோல் என்கிறோம். சாய்ந்தாலே கவிழ்ந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். நீங்களும் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால், சாய்வு உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும்.

பயம் வரவேண்டிய இடம் இரண்டாவது திருப்பம். காரனோடை தாண்டி 100-ல் போகிறீர்கள், இடப்பக்கத்திலிருந்து ஒரு பைக் குறுக்கே வருகிறது. சட்டென்று வலது ஒடிக்கிறீர்கள், வண்டி இடப்பக்கம் சாய்கிறது. அது நிமிரும் முன்பே பதறி இடது ஒடித்தால், நிமிர்ந்து வரும் வேகமும் புதிய சாய்வும் சேர்ந்து வண்டியை வலப்பக்கம் தள்ளும். தாழ்ந்த கார் சீக்கிரம் நிமிர்ந்துவிடுவதால் இந்தப் பதற்றத்தை ஓரளவு மன்னிக்கும். அதனால் ஸ்டியரிங்குக்கு முன் பிரேக்; நேர்கோட்டிலேயே வேகத்தைக் குறைத்து, பிறகு ஒரே சீராகத் திருப்புங்கள். 100-க்குப் பதில் 80-ல் போனால், அதே வளைவில் பக்கவாட்டு விசை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறையும்.

ஸ்டியரிங்கையும் பாருங்கள். தனி சேசிஸ் மேல் பாடி உட்கார்ந்த வண்டிகளில் (ஸ்கார்ப்பியோ-என், ஃபார்ச்சூனர், இன்னோவா கிரிஸ்டா) நடுவில் ஸ்டியரிங் கொஞ்சம் சோம்பலாக இருக்கலாம். லேசாகத் திருப்பினால் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். இன்னும் திருப்பினால் அதிகமாகிவிடும். பணம் கட்டும் முன், விடிகாலையில் ஆளில்லாத நேர்சாலையில் 40-ல் ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். கை நின்ற பிறகும் உடம்பு ஆடிக்கொண்டிருந்தால் அந்த வண்டி வேண்டாம். மணலி சாலையில் இதைச் செய்யாதீர்கள், கண்டெய்னர் ட்ரெய்லர்கள் இடம் தரமாட்டா.

செடான் என்றால் எல்லாம் சுகம் என்றும் இல்லை. தண்டையார்பேட்டைப் பக்கத்து வேகத்தடையில் ஆள் நிறைந்த டிசையர் அடி தட்டலாம், மழை நாளில் சுரங்கப்பாதைப் பக்கமே போக முடியாது. நடுவழி வேண்டுமென்றால் க்ரெட்டா, செல்டோஸ் மாதிரி பாடியும் சேசிஸும் ஒன்றாக உள்ளவை. ஐந்து பேருக்குத்தான் இடம். அத்தை மகனுக்கு அதையே சொன்னேன். மாமா ரயிலில் வந்தார்.

எதை எடுத்தாலும் பெட்டிகளைக் கூரைமேல் கட்டாதீர்கள், எடை இன்னும் மேலே போகும். டிரைவர் கதவோரம் ஒட்டியுள்ள டயர் காற்றழுத்த அளவில் முழு லோடுக்கு எவ்வளவு என்று பார்த்து, டயர் சூடாகும் முன் பங்கில் நிரப்பிக்கொள்ளுங்கள்.