எண்ணெயில் குழைத்த இட்லிப் பொடி

நல்லெண்ணெயில் குழைத்து மாதக்கணக்கில் வைத்திருந்த இட்லிப் பொடியில் ஏதோ சரியில்லை. பெருங்காயம் எந்த வாடையையும் மறைத்துவிடும் என்பதால், மேலே நின்ற எண்ணெயில் ஒரு துளியை விரலில் தேய்த்து முகர்ந்தேன். பழைய பெயின்ட் போன்ற சிக்கு நெடி. பாட்டிலின் உள்விளிம்பில், ஈரக் கரண்டி பட்ட இடத்தில், சாம்பல் நிறப் பூஞ்சை வேறு.

மேலாக வழித்துவிட்டால் போதும் என்றார் அம்மா. பூஞ்சை இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும், அதன் நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது, அத்தனையையும் கொட்டினேன்.

பாட்டிலில் பழைய பிசுக்கு ஒட்டியிருந்தால் புதுப் பொடியும் சீக்கிரம் கெடும். வெந்நீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தேன். இப்போது உலர்ந்த பொடி மட்டுமே பாட்டிலில், எண்ணெய் தட்டில்தான். எள்ளிலும் எண்ணெய் உண்டே, அதனால் கொஞ்சமாகவே அரைக்கிறேன்.