ஒரே நெடுவரிசையாக நீண்டு கிடப்பதை மூன்று நெடுவரிசையாக மடிப்பது

என் சித்தப்பா மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். காலையில் வரும் சரக்கைக் கடைப் பையன் வாட்ஸப்பில் எழுதி அனுப்புவான். வரிக்கு ஒரு விஷயம்: ஊர், பூ, எத்தனை கிலோ. அதை அப்படியே எக்செலில் ஒட்டினால் A நெடுவரிசையில் இப்படி விழும்:

```
வலையங்குளம்
மல்லி
4
நிலக்கோட்டை
கனகாம்பரம்
2
```

நமக்கு வேண்டியது ஒரு வரவுக்கு ஒரு வரிசை. கையால் வெட்டி ஒட்ட வேண்டாம், `WRAPROWS` என்ற ஒரே சூத்திரம் போதும். எக்செல் 365, எக்செல் 2024, கூகுள் ஷீட்ஸ் மூன்றிலும் இது உண்டு.

A1-ஐத் தலைப்புக்கு விட்டுவிட்டு A2-விலிருந்து ஒட்டுங்கள். D1, E1, F1-ல் ஊர், பூ, கிலோ என்று எழுதுங்கள். சூத்திரம் போடுவதற்கு முன் எண்ணிக்கையைப் பார்த்துவிடுவது நல்லது. அன்றைக்கு 14 வரவு. அப்படியானால் 42 வரி, அதாவது A43 வரை இருக்க வேண்டும். எங்களுக்கு A42-லேயே முடிந்துவிட்டது. காலியான ஒரு கட்டத்தில் இதைப் போட்டேன்:

```
=MOD(COUNTA(A2:A42),3)
```

மூன்றால் வகுத்தால் மிச்சம் 0 வர வேண்டும், வந்தது 2. எங்கோ ஒரு வரி குறைகிறது. எங்கே என்பதை மடித்துப் பார்த்தால்தான் தெரியும். D2-ல்:

```
=WRAPROWS(A2:A42,3)
```

எண்டர் தட்டியதும் D2 முதல் F15 வரை தானாக நிரம்பும். அந்த இடத்தில் ஏற்கெனவே ஏதாவது எழுதியிருந்தால் எக்செலில் `#SPILL!` என்றும், ஷீட்ஸில் `#REF!` என்றும் வரும். இடத்தைக் காலி செய்தால் சரியாகிவிடும்.

திரையைப் பார்த்த சித்தப்பா உடனே கேட்டார்: "ஏப்பா, உசிலம்பட்டி எப்படி கிலோ கட்டத்துல வந்துச்சு?"

அதுதான் அடையாளம். F நெடுவரிசையை மேலிருந்து கீழே பாருங்கள். எண் வர வேண்டிய இடத்தில் முதன்முதலாக எழுத்து வந்தால், அந்த வரிசையில்தான் வரி விடுபட்டிருக்கிறது. அதற்குக் கீழே உள்ளவை வெறுமனே ஒரு கட்டம் நகர்ந்தவை, அவற்றைத் தொட வேண்டாம். எங்களுக்கு அது F7, ஆறாவது வரவு. ஊரும் சம்பங்கியும் சரியாக இருந்தன, எடை இல்லை. கடைசிக் கட்டமான F15-ல் `#N/A` நின்றதும் இதனால்தான். `=WRAPROWS(A2:A42,3,"")` என்று எழுதினால் அந்த `#N/A` மறைந்து பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நமக்குக் கிடைத்த துப்பும் சேர்ந்து மறைந்துவிடும். தப்பு எல்லாம் தீரும்வரை அதைப் போடாதீர்கள்.

திருத்துவது A நெடுவரிசையில். ஆறாவது வரவு A17-ல் தொடங்குகிறது, எனவே எடைக்கான இடம் A19. அதில் வலது கிளிக் செய்து, கட்டங்களைக் கீழே தள்ளி ஒரு கட்டத்தை நுழைக்கவும். சூத்திரத்தில் A42 தானே A43 ஆகிவிடும். நுழைத்த கட்டத்தைக் காலியாக விட்டால் எக்செல் அங்கே 0 என்று காட்டும். எடை தெரியாததும் எடை 0 என்பதும் வேறு வேறு. அதனால் "-" என்று போட்டு வைத்தேன். பையனிடம் கேட்டபோது, அந்த மூட்டை அப்போது தராசில் ஏறவே இல்லை என்றான். அப்புறம் 6 கிலோ என்று சொன்னான், எழுதிவிட்டேன்.

இன்னொரு சோதனையும் வேண்டும். வெவ்வேறு இடங்களில் மொத்தம் மூன்று வரி விடுபட்டால் `MOD` 0 என்றே சொல்லும், கட்டங்களோ நகர்ந்து கிடக்கும். அதற்கு:

```
=COUNT(F2:F15)
```

இது எண்களை மட்டும் எண்ணும். 14 வந்தால் எடைகள் தம் இடத்தில் இருக்கின்றன. குறைந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது, அல்லது பையன் "4 கிலோ" என்று எழுத்தோடு சேர்த்து அடித்திருக்கிறான். ஒரு வரவே முழுதாக விடுபட்டிருந்தாலும் `MOD` 0 என்றே சொல்லும், `COUNT`-ல் மட்டும் ஒன்று குறையும். எந்த வரவு என்பதைக் கடைச் சிட்டையோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பழைய எக்செலில் `WRAPROWS` இருக்காது. அங்கே D2-ல் இதை எழுதி, F வரை வலப்பக்கமும் 15-ஆம் வரிசை வரை கீழேயும் இழுங்கள்:

```
=INDEX($A$2:$A$43,(ROWS(D$2:D2)-1)*3+COLUMNS($D2:D2))
```

ஒரு வரிசை கீழே போனால் மூன்று கட்டம் தாண்டும், ஒரு நெடுவரிசை வலப்பக்கம் போனால் ஒன்று கூடும். அவ்வளவுதான் இதன் கணக்கு.

எல்லாம் சரியாக வந்ததும் D2:F15-ஐ நகலெடுத்து, வேறொரு தாளில் மதிப்புகளை மட்டும் ஒட்டிக்கொள்ளுங்கள். ஷீட்ஸிலும் எக்செல் 365-லும் அதற்கு `Ctrl+Shift+V`. இல்லையென்றால் மறுநாள் சரக்கை A-யில் ஒட்டும்போது நேற்றைய கணக்கு மாறிவிடும்.