கோவில் கொடைக்குப் போக ஷிப்ட் மாற்ற வேண்டுமா? மேனேஜருக்கு மெயில் எழுதும் முறை

வைகாசி, ஆடி மாதங்களில் ஊர்க் கோவில்களில் கொடை என்னும் ஆண்டுத் திருவிழா வரும்போது, நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆலைகளில் மேனேஜருக்கு அடிக்கடி வரும் மெயில் இது: "சார், ஊரில் கொடை. வெள்ளிக்கிழமை ஷிப்ட் மாற்றித் தரவும்." இதைப் படித்தவருக்கு ஒரு முடிவும் எடுக்க முடியாது. எந்த ஷிப்ட், யாரோடு, அவருக்குச் சம்மதமா, மறுநாள் யார் வருவார் என்று நாலு பேருக்குப் போன் போட வேண்டும். அந்த வேலையை மெயில் எழுதுகிறவரே செய்து முடித்திருந்தால், மேனேஜர் "சரி" என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

ஒரு எடுத்துக்காட்டோடு பார்ப்போம். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஓர் ஆலை. ஏ ஷிப்ட் காலை 6 முதல் 2, பி ஷிப்ட் 2 முதல் இரவு 10, சி ஷிப்ட் இரவு 10 முதல் காலை 6. எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் முருகனுக்கு இந்த வாரம் சி ஷிப்ட். 22-05-2026 வெள்ளிக்கிழமை அவர் ஊரில் அம்மன் கோவில் கொடை. சாமக்கொடை நள்ளிரவில் நடக்கும் என்பதால் சரியாக டூட்டி நேரத்தில் வந்து விழுகிறது.

முதலில் ரோஸ்டரைத் தாளில் எழுதிப் பாருங்கள்

பலரும் தவறுவது இங்கேதான். ஏ ஷிப்டில் இருக்கும் நண்பரோடு மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றும்: வெள்ளி பகலில் வேலையை முடித்துவிட்டால் சாயங்காலமே ஊருக்குப் போய்விடலாமே! ஆனால் முருகனின் வியாழன் இரவு ஷிப்ட் முடிவது வெள்ளி காலை 6 மணிக்கு. ஏ ஷிப்ட் தொடங்குவதும் அதே 6 மணிக்கு. ஆக 16 மணி நேரம் தொடர்ந்து நிற்க வேண்டியிருக்கும். அந்த நண்பருக்கும் இதே கதிதான். வெள்ளி இரவு சி ஷிப்ட் பார்த்துவிட்டு, சனி காலை தன்னுடைய ஏ ஷிப்டைத் தொடர வேண்டும். எந்த மேனேஜரும் இதற்குக் கையெழுத்துப் போடக் கூடாது, போடவும் மாட்டார்.

பி ஷிப்டில் இருக்கும் இசக்கியோடு மாற்றினால் கணக்கு சரியாக வருகிறது. முருகன் வெள்ளி காலை 6 மணிக்கு இறங்கி, பகல் 2 மணிக்கு மறுபடி ஏறுகிறார். இடையில் 8 மணி நேரம் கிடைக்கிறது. இரவு 10 மணிக்கு முடித்தால் பாளையங்கோட்டையை அடுத்த ஊருக்குச் சாமக்கொடைக்கு முன்பே போய்ச் சேரலாம். இசக்கி வெள்ளி இரவு சி ஷிப்ட் பார்த்து சனி காலை 6 மணிக்கு இறங்குகிறார். அவருடைய சனி பி ஷிப்ட் 2 மணிக்குத்தான் என்பதால் அவருக்கும் 8 மணி நேரம் உண்டு. வாரத்தில் இருவருக்கும் அதே 6 ஷிப்ட், 48 மணி நேரம்தான், ஓவர்டைம் வராது. மாற்றும் நாளை மட்டும் பார்க்காமல், அதற்கு முந்தைய நாளையும் பிந்தைய நாளையும் இருவருக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இருவரும் ஒரே வேலைக்கு உரியவர்களா என்பதும் முக்கியம். மின்வேலையில் வயர்மேன் லைசென்ஸ் இல்லாதவரை இரவில் தனியாக விட முடியாது. பாய்லராக இருந்தால் அதற்குரிய சான்றிதழ் வேண்டும்.

அடுத்து, சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை நீங்க பி-யில இருக்கிய, நான் சி. அன்னைக்கு மட்டும் மாத்திக்கிடலாமா?" என்று நேரில் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கேன்டீனில் சொன்ன "சரிடே" மேனேஜருக்குச் சாட்சி ஆகாது. மெயிலில் அவரைச் சிசியில் போட்டு, "எனக்குச் சம்மதம்" என்று அதே மெயிலுக்குப் பதில் போடச் சொல்லுங்கள். அவருக்கு மெயில் இல்லையென்றால் ஒரு தாளில் எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்கி, படம் எடுத்து இணைக்கலாம்.

இனி மெயில்

ஒரு வாரம் முன்னதாக அனுப்புவது நல்லது. இந்தக் கணக்கில் 15-ஆம் தேதி.

> பொருள்: ஷிப்ட் மாற்ற அனுமதி – 22-05-2026 வெள்ளி – முருகன் (சி), இசக்கி (பி)
>
> வணக்கம் சார்,
>
> 22-05-2026 வெள்ளி ஒரு நாள் மட்டும் நானும் இசக்கியும் ஷிப்ட் மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்.
>
> நான்: பி ஷிப்ட், வெள்ளி பகல் 2 முதல் இரவு 10 வரை.
> இசக்கி: சி ஷிப்ட், வெள்ளி இரவு 10 முதல் 23-05 சனி காலை 6 வரை.
>
> காரணம்: அன்று எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடை. ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் குலதெய்வ வழிபாடு. நள்ளிரவுப் பூசையில் எங்கள் குடும்பம் நிற்க வேண்டிய முறை உண்டு.
>
> இருவருக்கும் வயர்மேன் லைசென்ஸ் உள்ளது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இருவருக்கும் குறைந்தது 8 மணி நேர இடைவெளி இருக்கிறது. ஓவர்டைம் வராது. இசக்கி தம் சம்மதத்தை இந்த மெயிலிலேயே தெரிவிப்பார்.
>
> இது இயலாதென்றால்: என் வார விடுப்பை 24 ஞாயிறுக்குப் பதில் 22 வெள்ளிக்கு மாற்றித் தர வேண்டுகிறேன். ஞாயிறு சி ஷிப்டுக்கு நான் வருகிறேன். ஞாயிறு எனக்குப் பதில் வரவேண்டிய ரிலீவர் வெள்ளி இரவு வரச் சம்மதித்துள்ளார்.
>
> 19-05 செவ்வாய்க்குள் தங்கள் முடிவு தெரிந்தால் ஏற்பாடு செய்துகொள்வோம்.
>
> நன்றி,
> முருகன், எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ்

சி ஷிப்டுக்கு இரண்டு தேதி எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "வெள்ளி இரவு" என்று மட்டும் எழுதினால், வியாழன் இரவு தொடங்கி வெள்ளி காலை முடிவதா, வெள்ளி இரவு தொடங்குவதா என்று குழப்பம் வரும். அந்தக் குழப்பத்தில் ஒரு ராத்திரி ஆளே இல்லாமல் போகும்.

காரணம் மூன்று வரிக்கு மேல் வேண்டாம், ஆனால் "அவசர சொந்த வேலை" என்றும் மூடி எழுத வேண்டாம். நெல்லைக்காரருக்குக் கொடை என்றாலே விளங்கும். கோயம்புத்தூரிலிருந்தோ வெளிமாநிலத்திலிருந்தோ வந்த மேனேஜருக்கு, அது வருடத்துக்கு ஒரு முறை வருவது, நள்ளிரவில் நடப்பது என்று சொன்னால்தான் ஏன் அந்த இரவு மட்டும் முடியாது என்று புரியும்.

மாற்று வழியிலும் அந்த இரவு வேலை பார்க்க ஓர் ஆள் இருக்க வேண்டும். "இல்லையென்றால் லீவு தாருங்கள்" என்பது ஆள் தேடும் பொறுப்பை மேனேஜர் தலையில் வைப்பது. வார விடுப்பை மாற்றுவதானால் திங்கள்கிழமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு சி ஷிப்ட் திங்கள் காலை 6-க்கு முடியும். அடுத்த வாரம் பி ஷிப்ட் என்றால் சிக்கல் இல்லை. ஏ ஷிப்ட் என்றால் பழைய 16 மணி நேரம் மறுபடி வந்து நிற்கும், அப்போது இந்த மாற்றை எழுதவே கூடாது.

பதில் வந்த பிறகு

பதில் வராததை அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செவ்வாய் கடந்தால் புதன் காலை அதே மெயிலின் மேலேயே ஒரு வரி எழுதி நினைவூட்டுங்கள், நேரிலும் கேளுங்கள்.

"சரி" வந்ததும் அந்த மெயிலை டைம் ஆபீசுக்கு அனுப்புங்கள். ரோஸ்டரில் மாற்றாமல் விட்டால், வெள்ளி பகல் 2 மணிக்கு முருகன் வைத்த விரல்ரேகை கணக்கில் ஏறாது. இரவு அவருக்கு ஆப்சென்ட் விழும், சம்பளமும் பிடிபடும். இரவுப்படி இசக்கிக்குச் சேர வேண்டியது, அதுவும் முருகன் பெயரில் போய்விடும். கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள் டிரான்ஸ்போர்ட்டுக்கும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இசக்கி ஏறும் நிறுத்தத்தில் இரவு பஸ் நிற்காது. அடுத்த வார வருகைப் பதிவில் 22-ஆம் தேதி இருவருக்கும் எப்படி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். தவறாக இருந்தால் சம்பளக் கணக்கு மூடுவதற்குள் மேனேஜரின் "சரி" மெயிலைக் காட்டித் திருத்திக்கொள்ளலாம்.