31 விண்ணப்பமும் ஒரு சீ.ஆர். கொப்பியும்

கிளிநொச்சியில் இருந்து கணக்கு உதவியாளர் வேலைக்கு 31 விண்ணப்பம் போட்டேன். ஒன்றும் சரிவரவில்லை. "வேலை கிடைச்சுதா?" என்று கேட்பார்களே என்று அம்மாவோடு சந்தைக்குப் போவதையும் விட்டுவிட்டேன்.

ஒருநாள் இரவு கொப்பியில் கோடு போட்டு, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நின்றது என்று எழுதினேன். 29 இடத்தில் நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை. என்னை நேரில் பார்த்து வேண்டாம் என்றவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் பார்த்தது தாளைத்தான்.

அந்தத் தாளில் முதல் பக்கம் முழுக்கப் பரீட்சைப் பெறுபேறுகள். கடையொன்றில் இரண்டு வருடம் கணக்கு எழுதியது கடைசியில் ஒற்றை வரி. அதை மேலே கொண்டுவந்து, மாதம் எத்தனை பற்றுச்சீட்டுப் பதிந்தேன் என்பதையும் சேர்த்தேன். வாரத்துக்கு மூன்றுதான் அனுப்பினேன்.

அடுத்த எட்டில் மூன்று நேர்முகம் வந்தது. வேலை இன்னும் இல்லை. சந்தைக்குப் போகிறேன்.