காற்று இறங்கவில்லை என்பதால் டயர் நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள்

பள்ளத்தில் வண்டி ‘டமார்’ என்று விழுந்ததும் பெரும்பாலானவர்கள் ஓரமாக நிறுத்தி, இறங்கி, டயரை ஒரு முறை பார்ப்பார்கள். காற்று இறங்கவில்லை, வெளியே கிழிசலும் இல்லை. சரி, தப்பித்தோம் என்று கிளம்பிவிடுவார்கள். இந்த ஒரு முடிவுதான் இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளிலேயே ஆபத்தானது. டயரில் காற்றைப் பிடித்து வைத்திருப்பது ஒரு பாகம், அந்தக் காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது வேறொரு பாகம். முதலாவது முழுசாக இருக்கும்போதே இரண்டாவது அறுந்து போயிருக்கலாம்.

இப்போதைய கார் டயரின் உட்புறம் முழுவதும் ஒரு மெல்லிய ரப்பர் படலம் இருக்கிறது. காற்று கசியாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதற்கு மேலே, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை, பெரும்பாலும் பாலியெஸ்டரால் ஆன நூல்கள் நெருக்கமாக ஓடுகின்றன. அழுத்தத்தைத் தாங்குவது அந்த நூல்கள்தான். சாலையைத் தொடும் பகுதியில் இவற்றுக்கு மேல் எஃகுக் கம்பிப் பட்டைகளும் உண்டு. பக்கச்சுவரில் அந்தப் பட்டைகள் வருவதில்லை. அங்கே நூலும் ரப்பரும் மட்டுமே.

பள்ளத்தில் விழும்போது அடி விழுவது இறங்கும் இடத்தில் அல்ல, ஏறும் இடத்தில். பள்ளத்தின் எதிர் விளிம்பில் டயர் மோதுகிறது. அந்தக் கூர்மையான விளிம்பு டயரை உள்நோக்கி அழுத்துகிறது. பக்கச்சுவர் மடிந்துகொண்டே போய், கடைசியில் ரிம்மின் விளிம்புக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில் நசுங்குகிறது. நடைபாதையின் ஓரக்கல்லில் வேகமாக ஏறினாலும் இதேதான். இழுத்தால் பெரும் பலத்தைத் தாங்கும் நூல், இரண்டு கடினமான விளிம்புகளுக்கு நடுவே நசுக்கப்பட்டால் தாங்காது. ரப்பர் நெகிழ்ந்து கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்கு வந்துவிடும். நூல் அறுந்தது அறுந்ததுதான்.

ஒரு காரை எடுத்துக்கொள்வோம். டயர் அளவு 205/55 R16. அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், அதாவது ஏறக்குறைய 113 மில்லிமீட்டர். இதில் ரிம்மின் விளிம்பு மறைக்கும் பகுதியைக் கழித்தால், மடிந்து கொடுக்கக் கிடைப்பது சுமார் 95 மில்லிமீட்டர்தான். கதவோரத்து ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ என்று இருக்க, டயரில் 26 பிஎஸ்ஐதான் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான காற்று இருந்திருந்தால் ரிம் வரை போகாமல் நின்றிருக்கக்கூடிய அடி, இப்போது ரிம்மைத் தொட்டுவிடுகிறது. பத்துப் பதினைந்து நூல்கள் அறுகின்றன. உட்படலம் கிழியவில்லை. அன்றைக்கு வெளியே ஒன்றும் தெரியாது.

இந்த அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 500 தடவை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் அடிபட்ட இடம் ஒரு முறை வளைந்து நிமிர்கிறது. அறுந்த நூல்களின் சுமையைச் சுமக்கும் பக்கத்து நூல்களும் மெல்லத் தளர்கின்றன. சில நாளிலோ சில வாரத்திலோ அந்த இடத்தில் உள்ளிருக்கும் காற்று ரப்பரை வெளியே தள்ளி, ஒரு புடைப்பு தெரிய ஆரம்பிக்கும். அதற்குள் பள்ளத்தில் விழுந்ததே மறந்து போயிருக்கும். “திடீரென்று புடைத்துவிட்டது, டயரே மட்டம்” என்று பலர் சொல்வது இதனால்தான்.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில், டயர் ஆறியபின் காற்றை அளந்து எழுதி வையுங்கள். மறுநாள் மறுபடியும் அளந்து, மற்ற மூன்று டயர்களோடு ஒப்பிடுங்கள். இது கசிவைக் காட்டும், நூலைக் காட்டாது. டேஷ்போர்டில் வரும் காற்றழுத்த எச்சரிக்கை விளக்குக்கும் இதே குறைதான்.

அடுத்தது பக்கச்சுவர். இங்கே எல்லோரும் செய்கிற தவறு, வெளிப்பக்கத்தை மட்டும் பார்ப்பது. வண்டியின் அடிப்பக்கம் நோக்கிய உட்சுவரும் அதே அடியை வாங்கியிருக்கும், சில நேரம் அது மட்டுமே வாங்கியிருக்கும். முன் சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை முழுவதும் ஒரு பக்கம் ஒடித்தால் பாதி தெரியும். முழுதாகப் பார்க்க ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்ப்பதோ, சக்கரத்தைக் கழற்றுவதோதான் வழி. ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். தரையில் நிற்கும் டயரின் அடிப்பகுதி எப்போதுமே கொஞ்சம் பிதுங்கித்தான் இருக்கும், அதைப் புடைப்பு என்று எண்ண வேண்டாம். மண்ணைக் கழுவித் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் மேடு தெரியாது. அப்புறம் உறை போட்ட கையால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள்.

இங்கே ஒரு குழப்பம் வரும். ரிம்மிலிருந்து மேல்நோக்கி ஓடும் குறுகலான ஒரு பள்ளக்கோடு சில டயர்களில் இருக்கும். நூல் அடுக்கின் இரு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் அது. அங்கே நூல் இரட்டிப்பாக இருப்பதால் குறைவாக விரிகிறது, அதனால் உள்வாங்கித் தெரிகிறது. பயப்பட வேண்டியதில்லை. வெளியே தள்ளிக்கொண்டு நிற்பது எதுவோ அதுதான் அறுந்த இடம்.

ரிம்மின் விளிம்பில் நசுங்கல் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள், உள்பக்கத்து விளிம்பையும் சேர்த்து. ரிம் வளையும் அளவுக்கு அடி விழுந்திருந்தால், நடுவில் இருந்த டயர் நசுங்காமல் இருந்திருக்க வாய்ப்பே குறைவு. அப்போது வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் டயரைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். உட்படலத்தில், ரிம் விளிம்புக்கு இணையாக ஒரு சிறு கோடோ சுருக்கமோ விரிசலோ இருந்தால் அது நசுங்கிய தடம். டயரின் சுற்று முழுக்கத் தேய்ந்த கருவளையமும் ரப்பர் தூளும் தெரிந்தால் அது வேறு கதை, குறைந்த காற்றில் நெடுந்தூரம் ஓட்டியதன் அடையாளம். அந்த டயரையும் திரும்பப் போடக்கூடாது.

உள்ளே பார்த்தும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். அறுந்த நூல் ரப்பருக்குள் புதைந்திருக்கும். அதனால் அடுத்த சில வாரங்களுக்கு, காற்று நிரப்பும்போதெல்லாம் அந்த டயரின் இரு சுவர்களையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால், ரிம் வளைந்திருக்கலாம் அல்லது எஃகுப் பட்டை விலக ஆரம்பித்திருக்கலாம். பேலன்சிங் மட்டும் செய்துவிட்டு விட்டுவிடாதீர்கள். சக்கரத்தை மெஷினில் சுற்றவிட்டு ரிம்மும் டயரும் தனித்தனியாக ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

புடைப்பு வந்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. பக்கச்சுவரில் அறுந்த நூலை எந்த பேட்சும் சேர்க்காது. உள்ளே டியூப் போடுவது, காற்றைக் குறைத்துவிட்டு ஓட்டுவது, பின் சக்கரத்துக்கு மாற்றுவது, ஸ்டெப்னியாக வைத்துக்கொள்வது எல்லாமே ஆபத்து. காற்றைக் குறைத்தால் சுவர் இன்னும் அதிகமாக வளையும், சூடு ஏறும், மிச்ச நூல்களும் சீக்கிரம் போகும். பின் சக்கரம் வெடித்தால் வண்டியின் பின்புறம் விலகுவதைக் கட்டுப்படுத்துவது முன் சக்கரத்தைவிடக் கடினம். புடைப்பைப் பார்த்த இடத்திலேயே ஸ்டெப்னியை மாட்டுங்கள். அது மெலிந்த தற்காலிக வகை என்றால், அதிலேயே எழுதியிருக்கும் வேகத்தை, பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டர், தாண்டாமல் டயர் கடை வரை போங்கள்.